பெயர் பொருந்தவில்லை என்றீர்கள், எந்தப் பெயர் என்று சொல்லவில்லை

வருமான வரி ரீஃபண்ட் வழங்கும் பிரிவின் அதிகாரிகளுக்கும், வங்கிகளில் வாடிக்கையாளர் பதிவேட்டுக்குப் பொறுப்பானவர்களுக்கும்,

என் அம்மா கொடுத்த குறைதீர் மனுவை 2025 ஜூனில் இரண்டே வரிகளில் முடித்து வைத்தீர்கள். ரீஃபண்ட் வழங்கப்பட்டுவிட்டது என்பது முதல் வரி. தாமதத்துக்குக் காரணம் வரி செலுத்துபவரின் வங்கிக் கணக்கு சரிபார்க்கப்படாமல் இருந்ததே, ஆகவே கூடுதல் வட்டி கிடையாது என்பது இரண்டாவது வரி. முதல் வரியில் எனக்குச் சண்டையில்லை. இரண்டாவது வரியைப் படித்துவிட்டு அம்மா, “நான் என்னம்மா தப்பு செய்தேன்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. அப்பா 2023 ஜனவரியில் இறந்துபோனார். அவர் ஓய்வுபெற்றபோது கிடைத்த பணம் முப்பது லட்சம் ரூபாய் அம்மாவின் பெயரில் நிரந்தர வைப்பாக மாறியது. வட்டி ஏழரை சதவீதம், ஆண்டுக்கு 2,25,000 ரூபாய். இதோடு மாதம் 15,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம். வைப்பு அம்மாவின் பெயருக்கு மாறிய புதிதில், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15எச் படிவத்தை ஏப்ரல் மாதம் கொடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவு வரவில்லை. அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்பாதான். ஆகவே வங்கி பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்தது. 22,500 ரூபாய். வங்கி செய்தது சட்டப்படி சரி.

2023-24 நிதியாண்டில், குடும்ப ஓய்வூதியத்தில் 15,000 ரூபாய் கழிவு போக, அம்மாவின் மொத்த வருமானம் 3,90,000 ரூபாய். அப்போதைய புதிய வரித் திட்டத்தில் அதற்கு வரி 4,500 ரூபாய். 87ஏ பிரிவின் தள்ளுபடியில் அதுவும் பூஜ்யமாகிவிட்டது. அதாவது அந்த ஆண்டு அம்மா அரசுக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. பிடிக்கப்பட்ட 22,500 முழுவதும் அவருக்குத் திரும்பி வர வேண்டிய பணம். ஓய்வூதியத்தில் ஒன்றரை மாதத் தொகை அது.

2024 ஜூலை 22 அன்று, கெடுவுக்கு ஒன்பது நாள் முன்பாகவே, நான் அம்மாவுக்காகக் கணக்குத் தாக்கல் செய்தேன். அவருடைய சேமிப்புக் கணக்கின் எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் இணையதளத்தில் `My Bank Account` பகுதியில் சேர்த்தேன். எண்ணை இரண்டு முறை பாஸ்புக்கோடு ஒப்பிட்டேன், பிழை இல்லை. சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று திரை சொன்னது. கணக்குத் தாக்கலை அது தடுக்கவில்லை. ஆதார் ஓ.டி.பி. போட்டு உறுதிசெய்துவிட்டு நான் வேலை பார்க்கும் ஊருக்கு வந்துவிட்டேன். ஆகஸ்ட் 14 அன்று 143(1) பிரிவின் கீழ் உங்கள் அறிவிப்பு வந்தது. 22,500 ரூபாயும், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதத்துக்கு மாதம் அரை சதவீதம் வட்டியும் சேர்த்து, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி, 23,060 ரூபாய் திரும்பத் தரப்படும் என்று அதில் இருந்தது. சுத்தமான கணக்கு. அந்த அறிவிப்பை நான் இப்போதும் மதிக்கிறேன்.

பணம் மட்டும் வரவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மா பேச்சுவாக்கில், “அந்த வரிப்பணம் வரவே இல்லையே” என்றார். அன்றிரவு உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். ரீஃபண்ட் தோல்வி என்று இருந்தது. `Failed Bank Accounts` என்ற பகுதியில் அம்மாவின் கணக்கு உட்கார்ந்திருந்தது. காரணம் என்ற இடத்தில், பான் பதிவில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று ஒரே ஒரு வரி. வங்கியில் எந்தப் பெயர் இருக்கிறது, பான் பதிவில் எந்தப் பெயர் இருக்கிறது, இரண்டுக்கும் எங்கே இடிக்கிறது என்று எதுவும் இல்லை.

அம்மாவின் கைபேசிக்கு நீங்கள் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தீர்கள். அது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. ரீஃபண்ட், வங்கிக் கணக்கு என்ற சொற்கள் அதில் இருந்தன. “உங்களுக்கு ரீஃபண்ட் வந்திருக்கிறது, வங்கிக் கணக்கைச் சரிபாருங்கள்” என்று வரும் செய்திகளை நம்பாதீர்கள் என்று நீங்களே மக்களை எச்சரிக்கிறீர்கள். நானும் அம்மாவிடம் பலமுறை அதைச் சொல்லியிருக்கிறேன். அவர் அந்தச் செய்தியை அழித்துவிட்டார். சொன்னபடி எச்சரிக்கையாக இருந்ததைத் தவிர அவர் வேறு எதுவும் செய்யவில்லை.

இனி, இந்தப் பெயர் விஷயம். இந்த மடலை எழுத வைத்ததே இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பாவின் பெயரின் முதலெழுத்து. அம்மாவின் தலைமுறையில் பெண்களுக்குத் திருமணமானால் அந்த முதலெழுத்தும் மாறும், கணவரின் எழுத்து வந்துவிடும். யாரும் விண்ணப்பம் போட்டு மாற்றிக்கொள்வதில்லை. கணவர் கணக்குத் தொடங்கிக் கொடுக்கும்போது அப்படி எழுதுவார், அதுவே நிலைத்துவிடும். எனக்குத் திருமணமானபோது என் முதலெழுத்தை மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னேன். அம்மாவிடம் அப்படி யாரும் கேட்டதே இல்லை.

பான் விண்ணப்பமோ வேறு மாதிரி கேட்கிறது. கடைசிப் பெயர் என்ற கட்டம் அதில் கட்டாயம், அங்கே முதலெழுத்து மட்டும் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். மணமான பெண்ணாக இருந்தாலும் தந்தை பெயரைத்தான் கேட்கும். ஆகவே பல ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்குப் பான் எடுத்துக் கொடுத்த முகவர், என் தாத்தாவின் பெயரையே கடைசிப் பெயராக எழுதிவிட்டார். அதே படிவத்தில் இன்னொரு வரியும் உண்டு. அட்டையில் பெயர் எப்படிச் சுருக்கமாக அச்சாக வேண்டும் என்று அது கேட்கும். அங்கே அவர் முதலெழுத்தைப் போட்டுவிட்டார். அதனால் பதிவில் இருப்பது ஒன்று, கையில் இருக்கும் அட்டையில் அச்சாகியிருப்பது இன்னொன்று.

அம்மாவின் உண்மையான பெயரை இங்கே எழுதவில்லை. அதே அமைப்பில் ஓர் உதாரணம் தருகிறேன்:

```
வங்கிப் பதிவு : M LAKSHMI
பான் அட்டை    : R LAKSHMI
பான் பதிவு    : LAKSHMI RAMASAMY
```

மூன்றும் ஒரே பெண். முதல் எழுத்து கணவருடையது, இரண்டாவது தந்தையுடையது, மூன்றாவதில் தந்தையின் பெயரே விரிந்து பின்னால் போய் நிற்கிறது. எங்கள் தெருவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இது ஒரே ஆள்தான் என்று சொல்லிவிடும். உங்கள் சரிபார்ப்பு, பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டது.

நவம்பர் முதல் வாரத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, பான் எண் கணக்கோடு இணைந்துதான் இருக்கிறது, எங்கள் பக்கம் எந்தக் கோளாறும் இல்லை, வரித் துறையிடம் கேளுங்கள் என்றார். உங்கள் உதவி எண்ணில் பேசினேன். வங்கியிடம் கேளுங்கள் என்றார்கள். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இருவர் சொன்னதிலும் பொய்யும் இல்லை. பான் இணைந்திருந்தது, பெயர்தான் இடித்தது. ஆனால் இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவர்களில் ஒருவராலும் முடியவில்லை. வங்கி ஊழியருக்கு உங்கள் பதிவு தெரியாது, உங்கள் ஊழியருக்கு வங்கியின் பதிவு தெரியாது. இரண்டு பதிவுகளுக்கும் சொந்தக்காரரான என் அம்மா நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பைக்குள் பாஸ்புக், பான் அட்டை, ஆதார், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணை எல்லாம் இருந்தன. ஒவ்வொரு முறை யாராவது ஏதாவது கேட்டபோதும் அந்தப் பை திறந்து மூடப்பட்டது.

கிளை மேலாளர் ஒரு வழி சொன்னார். வங்கிப் பெயரைப் பான் அட்டைக்கு ஏற்ப மாற்றிவிடலாம் என்றார். அம்மா தயங்கினார். அந்தக் கணக்கில்தான் குடும்ப ஓய்வூதியம் வந்து விழுகிறது. ஓய்வூதிய ஆணையில் இருப்பது கணவரின் முதலெழுத்தோடு கூடிய பெயர். இருபத்திரண்டாயிரத்தைத் தேடிப் போய் மாதாமாதம் வரும் பதினைந்தாயிரமும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது அவருடைய பயம். அது வீண் பயம் என்று அடித்துச் சொல்ல அங்கிருந்த யாரும் முன்வரவில்லை. அதற்குப் பதில் பான் பதிவை மாற்றலாமே என்று கேட்டேன். மாற்றலாம்தான். ஆனால் பான் பதிவில் கணவர் பெயரைக் கடைசிப் பெயராக்க அதற்கான ஆவணம் வேண்டும். அம்மாவின் திருமணம் பதிவு செய்யப்படவில்லை, அந்தக் காலத்தில் கிராமத்தில் யார் பதிவு செய்தார்கள்? எந்தப் பக்கத்தை மாற்றுவது என்ற முடிவை, இரண்டு பக்கத்தின் விளைவும் தெரியாத ஒரு மூதாட்டியிடம் விட்டுவிட்டீர்கள்.

கடைசியில் ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்தில் கேட்டு, கணக்கு எண் மாறாதவரை ஓய்வூதியத்துக்குப் பாதகமில்லை என்று வாய்மொழியாகச் சொல்லக் கேட்ட பிறகு, டிசம்பரில் வங்கியில் எழுதிக் கொடுத்தோம். பான் அட்டையின் நகலை வைத்துக்கொண்டு ஊழியர் அதில் அச்சாகியிருந்தபடியே முதலெழுத்தை மாற்றினார். நமது உதாரணத்தில் சொன்னால் `M LAKSHMI` என்பது `R LAKSHMI` ஆனது. ஜனவரியில் உங்கள் தளத்தில் `Re-Validate` அழுத்தினேன். பத்து, பன்னிரண்டு வேலை நாள் ஆகலாம் என்று உங்கள் விளக்கக் குறிப்பு சொல்கிறது. காத்திருந்தோம். மறுபடி தோல்வி, மறுபடி அதே ஒற்றை வரி.

என்ன ஏதென்று புரியாமல் இரண்டு நாள் யோசித்தேன். அதன்பிறகுதான் உங்கள் தளத்தில் அம்மாவின் சுயவிவரப் பக்கத்தைக் கூர்ந்து பார்த்தேன். அங்கே தாத்தாவின் பெயர் முழுதாக விரிந்து நின்றது. அட்டையில் இருப்பது சுருக்கம், பதிவில் இருப்பதுதான் பெயர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். பெயர்ப் பொருத்தம் தோற்றுப்போனால் பான் அட்டையின் நகலை வங்கிக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தளத்தில் நுழைந்து சுயவிவரப் பக்கத்தில் இருக்கும் பெயரை அச்சிட்டு எடுத்துப் போங்கள். அதில் எழுத்துக்கூட்டல், சொற்களின் வரிசை, இடைவெளி எப்படி இருக்கிறதோ அப்படியே வங்கியில் பதியச் சொல்லுங்கள். எனக்கு இந்த ஒரு தகவல் நவம்பரிலேயே கிடைத்திருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். அதைச் சொல்ல உங்களுக்குத் தேவைப்பட்டிருப்பது ஒரு வரி.

அந்த அச்சுப் பிரதியோடு பிப்ரவரியில் மறுபடி கிளைக்குப் போனோம். இந்த முறை முழுப்பெயரைப் பதிந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் கணக்கு சரிபார்க்கப்பட்டுவிட்டதாகத் திரை காட்டியது. உடனே அந்தக் கணக்கை ரீஃபண்டுக்கு உரியதாகத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் சரிபார்த்ததும் பணம் தானாக வந்துவிடாது. `Refund Reissue` பகுதிக்குப் போய்த் தனியாக ஒரு கோரிக்கை போட வேண்டும், அதையும் ஆதார் ஓ.டி.பி. கொண்டு உறுதிசெய்ய வேண்டும். பெயர் சரியானதோடு வேலை முடிந்தது என்று நினைத்து இந்தக் கட்டத்தில் காத்துக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானே இணையத்தில் தேடியிருக்காவிட்டால் அப்படித்தான் இருந்திருப்பேன். 2025 ஏப்ரல் 9 அன்று பணம் வந்தது.

வந்த தொகை 23,060 ரூபாய், ஆகஸ்டில் நீங்கள் கணக்கிட்ட அதே தொகை. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எட்டு மாதத்துக்கு வட்டி இல்லை. மாதம் 112 ரூபாய் 50 காசு வீதம் 900 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். மனுவில் அதைக் கேட்டோம், நீங்கள் மறுத்தீர்கள். நான் இங்கே பேசுவது 900 ரூபாயைப் பற்றியும்தான், அதை மறுத்த காரணத்தைப் பற்றியும்தான்.

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 244ஏ பிரிவு, ரீஃபண்ட் வழங்கப்படும் நாள் வரை மாதம் அரை சதவீதம் வட்டி தரச் சொல்கிறது. மாதத்தின் ஒரு பகுதியானாலும் முழு மாதமாகவே கணக்கு. அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, ரீஃபண்டுக்கு வழிவகுக்கும் நடவடிக்கை வரி செலுத்துபவரைச் சார்ந்த காரணத்தால் தாமதமானால் அந்தக் காலத்தைக் கழித்துவிடலாம் என்கிறது. நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். ஆனால் அந்த உட்பிரிவு அங்கே முடிந்துவிடவில்லை. எவ்வளவு காலத்தைக் கழிப்பது என்ற கேள்வி எழுந்தால், ஆணையர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி அதை முடிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் மனுவில் அந்தக் கேள்வியைத்தான் எழுப்பினோம். அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டதா? எடுத்த அதிகாரி யார்? எட்டு மாதமும் அம்மாவைச் சார்ந்தது என்று எதைப் பார்த்து முடிவு செய்தார்? தீபாவளி வரை நாங்கள் கவனிக்காமல் இருந்த காலத்தை வேண்டுமானால் எங்கள் கணக்கில் எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அட்டையில் ஒரு பெயரையும் பதிவில் ஒரு பெயரையும் வைத்துக்கொண்டு, எது பொருந்தவில்லை என்று சொல்லாமல் எங்களை அலையவிட்ட ஜனவரியையும் பிப்ரவரியையும் எப்படி எங்கள் கணக்கில் எழுதுவீர்கள்?

ஒன்றை நான் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சரிபார்ப்பே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. 2019 மார்ச் முதல் ரீஃபண்ட் முழுவதும் பான் இணைந்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே போகிறது. எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் அம்மாவின் பணம் யாரோ ஒருவரின் கணக்கில் போய் விழுந்துவிடும். வேறொருவர் பெயரில் கணக்குத் தாக்கல் செய்து ரீஃபண்டைச் சுருட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதைத் தடுக்கும் வேலி அவசியம். வேலியில் மாட்டிக்கொண்டவரிடம் எந்தக் கம்பி மாட்டியிருக்கிறது என்று சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சொல்ல முடியும் என்பதற்கு எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் அனுபவமே சாட்சி. 2020 ஏப்ரல் 1 அன்று பத்து பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்தன, அதில் பல கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் மாறின. அவர் பழைய காசோலைப் புத்தகத்தைப் பார்த்துப் பழைய குறியீட்டைப் போட்டுவிட்டார், ரீஃபண்ட் தோற்றது. ஆனால் அவருக்குக் குறியீடு செல்லாது என்று காரணம் வந்தது. புதிய பாஸ்புக்கைப் பார்த்து மாற்றினார், இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. தவறு எங்கே என்று தெரிந்தால் எழுபது வயதுக்காரரும் தானே திருத்திக்கொள்கிறார். பெயர் விஷயத்தில் மட்டும்தான் வாயை மூடிக்கொள்கிறீர்கள்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

பெயர் பொருந்தவில்லை என்று காட்டும் இடத்திலேயே, பான் பதிவில் உள்ள முழுப்பெயரையும் வங்கி அனுப்பிய பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டுங்கள். கணக்குக்கு உரியவர் தன் கடவுச்சொல்லோடு நுழைந்து பார்க்கும் பக்கம் அது, அவருடைய பெயரை அவரிடமிருந்து மறைப்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. வேறொருவர் கணக்கின் எண்ணைப் போட்டு அவர் பெயரைத் தெரிந்துகொள்ள வழியாகிவிடும் என்று அஞ்சினால், வங்கிப் பெயரில் சில எழுத்துகளை மட்டும் காட்டுங்கள். முதலெழுத்தில் இடிக்கிறதா, முழுப்பெயரே வேறா என்பதாவது தெரியட்டும். அதோடு, பான் அட்டையில் அச்சான சுருக்கத்தை நம்ப வேண்டாம், பதிவில் உள்ள பெயரே கணக்கில் கொள்ளப்படும் என்று அதே இடத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

முதலெழுத்து மட்டுமே வேறுபடும் கணக்குகளை இயந்திரத்தின் முடிவோடு விட்டுவிடாதீர்கள். பான் எண்ணும் கணக்கு எண்ணும் ஒத்துப்போய், இயற்பெயரும் ஒன்றாக இருந்து, முன்னால் இருக்கும் ஓர் எழுத்து மட்டும் இடித்தால், அந்தக் கோரிக்கை கிளை மேலாளரிடம் போகட்டும். அவர் வாடிக்கையாளரை நேரில் பார்த்து, இவர் அவர்தான் என்று உறுதிசெய்தால் அது போதும் என்று வையுங்கள். கணவரின் முதலெழுத்தைச் சுமக்கும் அம்மாக்களில் பலருக்குத் திருமணச் சான்றிதழ் கிடையாது. அதைக் கேட்டு அவர்களை நிறுத்தாதீர்கள்.

சரிபார்ப்பு தோற்றால் செய்தியைத் தமிழில் அனுப்புங்கள், இணைப்பு எதுவும் இல்லாமல் அனுப்புங்கள். முப்பது நாளில் அவர் எதுவும் செய்யவில்லை என்றால், மூத்த குடிமக்களுக்காவது அவர்கள் முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். அஞ்சல்காரர் கொண்டுவந்து கொடுக்கும் கடிதத்தை என் அம்மா அழித்துவிட மாட்டார், பத்திரப்படுத்தி வைத்திருந்து எனக்குப் படித்துக் காட்டுவார்.

ரீஃபண்ட் தோற்ற பிறகு கணக்கு சரிபார்க்கப்பட்டுவிட்டால், மறுவழங்கல் கோரிக்கையைத் தனியாகக் கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டும் என்றால், சரிபார்ப்பு வெற்றி என்று சொல்லும் அதே திரையில் அந்தக் கோரிக்கைக்கான பொத்தானை வையுங்கள்.

வங்கிகளுக்கு: பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்தால் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு கொடுங்கள். எங்களிடம் டிசம்பரில் கொடுத்த விண்ணப்பத்துக்கு எந்தச் சீட்டும் இல்லை, அதனால்தான் தாமதம் யாருடையது என்று நிரூபிக்க முடியவில்லை. மாற்றினால் ஓய்வூதியத்துக்கு என்ன ஆகும் என்று கேட்பவருக்கு எழுத்தில் பதில் சொல்லுங்கள். மாற்றுவதற்கு முன், தளத்தின் சுயவிவரப் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்கள் கவுன்டர் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

கடைசியாக, அம்மாவின் மனுவை மறுபடி திறங்கள். 244ஏ(2) பிரிவின்படி உரிய அதிகாரி, எந்த மாதங்கள் யாரைச் சார்ந்தவை என்று காரணத்தோடு ஓர் ஆணை எழுதட்டும். அம்மாவைச் சார்ந்ததல்ல என்று அவர் காணும் மாதங்களுக்கு, மாதம் 112 ரூபாய் 50 காசு வீதம் அவருடைய கணக்குக்கு அனுப்புங்கள். இப்போது அந்தக் கணக்கில் உங்கள் பதிவில் உள்ள பெயரே இருக்கிறது. ஆணையின் நகலைத் தமிழில், அம்மாவின் வீட்டு முகவரிக்கு, அவர் பெயரிட்டு அஞ்சலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் ஒருவரின் மகள்